ஆறு படங்களும் நடுவில் ஒரு சிவப்புக் கோடும்

அந்தப் போஸ்டரில் இருந்த தமிழ் வரிகளை எழுதியவன் நான். வங்காள வரி ஒன்றிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிடலாம் என்று தலையாட்டியவனும் நான்தான். முதலாவதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது.

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருடமாக அங்கேதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழ் சரளமாக வாசிப்பேன். வங்காளம் பேசுவேன். அந்த எழுத்தைப் பஸ் போர்டுகளையும் மிட்டாய்க் கடைப் பலகைகளையும் பார்த்துப் பார்த்து நானாகவே பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். அதனால் ஆள் முன்னால் வாசிப்பதில்லை.

எங்கள் அடுப்புகளுக்கு மேலே புகையை இழுக்கும் பெரிய சிம்னி உண்டு. அதில் செருகியிருக்கும் எவர்சில்வர் ஃபில்டர்களில் ஒரு வாரத்து எண்ணெய் தார்போல் பிடித்திருக்கும். திங்கட்கிழமை காலைக் கூட்டம் ஓய்ந்ததும் அவற்றைக் கழற்றி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவோம். சோடா வெள்ளைச் செதிலாக, பார்க்கக் கல்லுப்புபோல் சாதுவாக இருக்கும். தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தண்ணீர் சுடும், அவ்வளவுதான். சோடாவைக் கொட்டி வைத்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். தெறித்த இடத்தில் தோல் கழன்று வரும்.

இத்தனை வருடமும் கரைத்தது நான். நான் இல்லாத நாளில் யார் கரைப்பது என்ற பேச்சு வந்தபோது முதலாளி போஸ்டர் அடிக்கச் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். அடுப்படியில் நிற்பவர்கள் தமிழர்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள் வங்காளிகள்.

“ரெண்டு பாஷையிலயும் போடுவே,” என்றார். “நாளைக்கி ஒருத்தரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லப்பிடாது.”

மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பிரிண்டிங் கடை இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் தாதாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ஆறு தமிழ் வரிகளை என் மகளின் உதவியோடு போனில் அடித்துக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்கும் அர்த்தத்தை வங்காளத்தில் வாயால் சொன்னேன், அவர் எழுதினார். ஒன்று, கையுறையும் கண்ணாடியும் போடவும். இரண்டு, தொட்டியில் பாதி பச்சைத் தண்ணீர் நிரப்பவும். மூன்று, தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். நான்கு, நீளக் குச்சியால் மெதுவாகக் கலக்கவும். ஐந்து, ஃபில்டரை உள்ளே இறக்கவும். ஆறு, ஊறியபின் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவவும்.

வரிசைக்கு இரண்டு படமாக மூன்று வரிசை. படத்துக்கு மேலே தமிழ், கீழே வங்காளம். எண்ணைத் தமிழ் வரிக்கு முன்னால் போட்டார். இரண்டு முறை எதற்கு என்று கேட்டார், நானும் எதற்கு என்றேன். நடுவில் வெறிச்சென்று இருக்கிறது என்று மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது படத்தின் கீழே வங்காள வரி இடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“தாதா, இந்த ‘ஜொலே’யை எடுத்துட்டா ஒரே வரியில நிக்கும். படம்தான் இருக்குல்ல, புரியாதா?” என்றார்.

ஜொலே என்றால் தண்ணீரில். எனக்குப் பின்னால் ஏதோ படிவம் நகலெடுக்க ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவர் சாவியைக் கண்ணாடி மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டினேன்.

போஸ்டரைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினோம். தமிழ் வரிகளை நான் நின்று வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. வங்காள வரிகளை வாசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தோசைக்கல் பக்கம் ஆள் குறைந்துவிட்டது. நான் கரண்டியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாத்திரம் தேய்க்கும் மாசி ஃபில்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வங்காளத்தில் மாசி என்றால் சித்தி. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் கடையில் எல்லோருக்கும் அவர் மாசி. தெற்கேயிருந்து லோக்கல் ரயிலில் வருவார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேப்பரில் பொட்டலம் வந்தால் பிரித்து நீவி வாசித்துவிட்டுத்தான் எறிவார்.

“போஸ்டர் பாத்துச் செய்யுங்க மாசி,” என்று நான் கல்லிலிருந்து கத்தினேன்.

“அதான் தொங்குதே, பாக்காம என்ன,” என்றார்.

நாலைந்து தோசை எடுத்திருப்பேன். பின்கட்டில் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல் ஒரு சத்தம், உடனே அவர் அலறல். நான் ஓடிப் போனபோது தொட்டி புகைந்துகொண்டிருந்தது. மாசி வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கையுறை மணிக்கட்டு வரைதான். அதற்கு மேலே முழங்கை வரை சிவந்து வழவழத்தது, காதோரத்திலும் இரண்டு பொட்டு. கண்ணில் பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தது. அதன் மேலும் வெள்ளைத் துளிகள். யாரோ எலுமிச்சம்பழம் என்றார்கள், யாரோ பேஸ்ட் என்றார்கள். நான் அவர் கையை இழுத்துக் குழாயடியில் வைத்து, காதோரத்திலும் தண்ணீரைப் பிடித்து, இருபது நிமிடத்துக்கு மேல் விடவேயில்லை. அவர் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

அன்று மாலை முதலாளி போஸ்டரின் முன்னால் நின்றார்.

“பாதித் தண்ணி ஊத்துன்னு ரெண்டாவதாப் போட்டிருக்கு. பெறவுதான் சோடா. அவ பாஷையிலயே எழுதி ஒட்டியாச்சி. அதையும் பாக்காம மேல தண்ணிய ஊத்துனா நான் என்னவே செய்ய? வைத்தியத்தப் பாத்துக்கிடுதேன். ஆனா இனிமே வேண்டாம். கண்ணு போயிருந்தா?”

“அண்ணாச்சி, அவங்க கவனமான ஆளு…”

“கவனமான ஆளு செய்யுத காரியமா இது? வியாழக்கிழம வேற ஆள் வருது. சொல்லிட்டேன்.”

வாய் வரை வந்தது ‘ஜொலே’. வெளியே வரவில்லை. ஒரு சொல்லை எடுத்ததால் இப்படி ஆகியிருக்காது, இரண்டாவது படத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மாசி ஏன் அதைத் தாண்டிப் போனார் என்பது எனக்கும் விளங்கவில்லை.

புதன்கிழமை மதியம் மாசி வந்தார். கையில் முழங்கை வரை கட்டு. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மாசி தன் மாற்றுச் சேலையையும் சீப்பையும் டிபன் டப்பாவையும் எடுத்துப் போக வந்திருந்தார். ஆள் விட்டுச் செய்தி சொல்லியிருக்கிறார்கள்.

“நான் படிக்கலைன்னு சொன்னாராமே,” என்றார். “கண்ணாடி போட்டேன்ல? போஸ்டர் படிக்காதவ எதுக்கு அந்தக் குரங்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நிக்கணும்? மூக்கே தெரியாம?”

அது எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் கண்ணாடி போட்டதில்லை. போஸ்டருக்காகத்தான் வாங்கினோம்.

“மாசி, ஒண்ணு கேக்கலாமா,” என்றேன். “அன்னிக்கி எப்படிப் படிச்சீங்களோ அப்படியே விரல வச்சுக் காட்டுங்க.”

அவர் என்னை முறைத்தார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார். முதல் படத்தின் கீழே வங்காள வரி: கையுறை, கண்ணாடி. அங்கிருந்து விரல் வலப்பக்கம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நேராகக் கீழே இறங்கியது. மூன்றாவது படத்தில் நின்றது: சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். மறுபடி கீழே. ஐந்தாவது: ஃபில்டரை உள்ளே இறக்கவும். அப்புறம் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் உச்சிக்கு ஏறியது: தொட்டியில் பாதி பச்சைத் தண்ணீர் நிரப்பவும். அதன் கீழே, கலக்கவும். அதன் கீழே, கழுவவும்.

“சோடா, ஃபில்டர், தண்ணி, கலக்கு, கழுவு,” என்றார். “துணிக்குப் பவுடர் போட்டு, துணியப் போட்டு, தண்ணி விடுறதில்லையா? அதே மாதிரிதானே இருக்கு? இதுல எதத் தப்பாப் படிச்சேன்?”

அவர் ஒன்றும் தப்பாகப் படிக்கவில்லை. எண்கள் தமிழ் வரியின் தலையில் இருந்தன. தமிழ் எழுத்தை அவர் கண் ஒரு கோலத்தைத் தாண்டுவதுபோல் தாண்டியது, கூடவே எண்ணையும். அழகுக்கு இழுத்த கோடு போஸ்டரை இரண்டு தூணாகப் பிரித்திருந்தது. கோட்டைப் பார்த்த யாரும் ஒரு தூணை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். மூன்றாவது படத்தில் ஒரு கை, கரண்டியில் சோடா, ஒரு தொட்டி. தொட்டியின் வெளிப்பக்கம்தான் தெரிந்தது, உள்ளே தண்ணீர் இருப்பது தெரியவில்லை. ‘ஜொலே’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால், விரல் அங்கே வந்தபோது எந்தத் தண்ணீரில் என்று அவர் ஒரு கணம் நின்றிருப்பார். அந்தச் சொல்லும் இல்லை.

நான் தமிழில் எழுதியதும் அவர் வங்காளத்தில் படித்ததும் ஒரே காகிதத்தில் இருந்த இரண்டு வேறு வேலைகள்.

“சொல்லுங்க தாதா, எது தப்பு?”

“நாளைக்கிச் சொல்றேன்,” என்றேன். “அந்தப் பைய இங்கேயே வைங்க.”

“எதுக்கு?”

“வைங்க மாசி.”

அவர் வைக்கவில்லை. பையோடுதான் போனார். டிபன் டப்பாவை மட்டும் அலமாரியில் விட்டுவிட்டார். மறந்தாரா என்று தெரியாது.

முதலாளி திரும்பி வரக் காத்திருக்காமல், மதிய வேலை நடுவில் முதல் முறையாக ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு பிரிண்டிங் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அன்றும் அங்கே கூட்டம்.

“தாதா, அந்தப் போஸ்டர் தப்பு,” என்றேன்.

“எழுத்துப் பிழையா?”

“பிழை ஒண்ணும் இல்ல. ஆனா தப்பு.”

அவர் சிரித்தார். மாசியின் கையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். பின்னால் நின்றவர்களிடம், “அரை மணி ஆகும், டீ குடிச்சுட்டு வாங்க,” என்றார். ஒருவர் முணுமுணுத்தார். என் காது சூடாயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

முதலில் கோட்டை எடுத்தோம். பிறகு இரண்டு தூணையும் கலைத்து ஒரே தூணாக்கினோம். ஒரு வேலைக்கு ஒரு பெட்டி, ஆறு பெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக. பெட்டியின் இடது ஓரத்தில் பெரிய எண். அதை எந்த மொழிக்கும் கொடுக்காமல் தனியாக நிறுத்தினோம். எண் எந்த எழுத்தில் என்று கேட்டார். வங்காள எண்ணும் நம் கடைகளில் போடும் எண்ணும் ஒன்றில்லை. பஸ் நம்பரும் போன் நம்பரும் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றேன், அதையே போட்டார். எண்ணுக்கு அடுத்துப் படம். படத்துக்கு வலப்பக்கம் இரண்டு வரி, மேலே வங்காளம் நீலத்தில், கீழே தமிழ் கறுப்பில். ஆறு பெட்டியிலும் அதே இடம், அதே நிறம், அதே அளவு. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே நன்றாக இடம் விட்டோம். பெட்டிக்குள்ளே நெருக்கினோம். எந்த வரி எந்தப் படத்தோடது என்று யாரும் யோசிக்கக் கூடாது.

மூன்றாவது படத்தை மாற்றினோம். தொட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல், உள்ளே நீலத் தண்ணீரோடு. நான் கேட்டபடி எல்லாத் தொட்டியிலும் தண்ணீருக்கு நீலம் ஏற்றினார்.

பிறகு வரிகள். “இப்ப நீங்க வங்காளத்த வாசிங்க, நான் தமிழப் பாக்கறேன்,” என்றேன். அவர் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அவர் சொல்வதில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் என் வரியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி விழாத சொல் எதுவோ அது வங்காளத்தில் இல்லை என்று அர்த்தம். இரண்டாவதில் ‘பச்சைத் தண்ணீர்’ என்பதற்கு அவர் வெறும் தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தார். வெந்நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார், சொன்னேன். ‘டாண்டா ஜொல்’ என்று சேர்த்தார். நான்காவதில் ‘மெதுவாக’ காணோம். மூன்றாவதில் ‘ஜொலே’ திரும்பி வந்தது. வரி மறுபடி நீண்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“எழுத்தச் சின்னதாக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன். “படத்தச் சின்னதாக்குங்க.”

உச்சியில் ஒரே ஒரு வாக்கியம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மற்ற எதையும் படிக்காதவன்கூட அதைப் படிக்க வேண்டும். “முதலில் தண்ணீர், பிறகு சோடா” என்றேன். அவர் தட்டினார், “ஆகே ஜொல், போரே சோடா.” இரண்டும் ஒரே நீளம். அடியில், மேலே பட்டால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் விடாமல் கழுவு, பிறகு ஆஸ்பத்திரி என்று, அதுவும் இரண்டிலும். புதுத் தமிழ் வரிகளை மகள் போனில் அடித்து அனுப்பினாள்.

சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். கிளம்பப் பார்த்தேன். வெளியே படியில் நின்று தமிழை ஒருமுறை வாசித்தேன். நான்காவது பெட்டியில் கலக்கும் படம், பக்கத்தில் ‘ஃபில்டரை உள்ளே இறக்கவும்’. ஐந்தாவதில் ஃபில்டர் படம், பக்கத்தில் ‘கலக்கவும்’. எழுத்து தெரியாத மனிதர் இரண்டு வரியை மாற்றி ஒட்டியிருந்தார். உள்ளே கூட்டம் திரும்பி வந்து மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு இரண்டு பேருக்கு நடுவே கையை நுழைத்துத் தாளை மேஜையில் வைத்தேன்.

“தாதா, நாலும் அஞ்சும் மாறிடுச்சு.”

“ஐயோ,” என்றார். “எனக்கு ரெண்டும் ஜிலேபியாத்தான் தெரியுது. நல்லவேளை.”

திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு வந்தபோது முனையில் டாப் விற்பவர் வெட்டரிவாளோடு உட்கார்ந்திருந்தார். இளநீருக்கு இங்கே டாப் என்பார்கள். வேறு யாரிடமும் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. அவரிடம் தினமும் வாங்குவேன். தாளைக் கொடுத்து, விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன்.

“என்ன, பரீட்சையா? பாஸானா பொண்ணு பாப்பீங்களா?” என்றார். ஆனால் வாசித்தார். விரல் உச்சியிலிருந்து ஒரு படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே வந்தது. எங்கும் நிற்கவில்லை, எங்கும் தாவவில்லை. “முதல்ல ஜொல், அப்புறம் சோடா. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. இதுக்கு எதுக்குப் போஸ்டர்?” என்றார். நான் அன்று இரண்டு டாப் குடித்தேன்.

வியாழக்கிழமை காலை புதிய பெண் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததும் வேலை கேட்டார். முதலாளி அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்த் தொட்டியைக் காட்டினார். பழைய போஸ்டர் சுவரிலேயே இருந்தது.

“வங்காளம் வாசிப்பியா?”

“வாசிப்பேன் காக்கு,” என்றார். காக்கு என்றால் சித்தப்பா.

“இதப் பாத்துத்தான் செய்யணும். இதுக்கு முன்னால இருந்தவ பாக்காமச் செஞ்சு கையப் பொசுக்கிக்கிட்டா.”

நான் அருகில் நின்றேன். கையில் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. சோடா டப்பாவை அதிகாலையிலேயே பூட்டி வைத்திருந்தேன்.

“அண்ணாச்சி, இப்ப உப்ப வச்சு ஒருதடவ செய்யச் சொல்லிப் பாப்பமா? வாயால யாரும் ஒண்ணும் சொல்லாம.”

“உப்பா? ஏன்வே, ஊறுகாய் போடப் போறியா?”

“இதுதான் சோடான்னு வச்சுக்கிடுவோம்.”

அவர் தோளைக் குலுக்கினார். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போஸ்டரைப் பார்த்தார். கையுறை போட்டார். கண்ணாடி போட்டார். பிறகு மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்த்தபடி நின்றேன். வலப்பக்கம் போயிருந்தால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, மாசியின் பேச்சு பொய்யாகிவிடும். கண் கீழே இறங்கியது. அவர் கிண்ணத்தை வாங்கி, காலித் தொட்டியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, மிகுந்த ஒழுங்கோடு தூவினார். ஒரு ஃபில்டரை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு குழாயில் வாளியைப் பிடித்துத் தண்ணீரை மேலே ஊற்றக் குனிந்தார்.

“நிறுத்து!” என்று முதலாளி கத்திவிட்டார். உப்பு என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அந்தப் பெண் வாளியோடு நிமிர்ந்து, “போட்டிருக்கிறபடிதானே செய்றேன்?” என்றார்.

“இன்னொருதடவ உரக்க வாசிம்மா,” என்றேன். “மூணாவது படத்தோட வரிய.” விரலால் காட்டினேன்.

“சோடா ஒல்போ ஒல்போ கோரே தின்.” சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும், அவ்வளவுதான்.

முதலாளிக்கு வங்காள எழுத்து தெரியாது, பேச்சு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நாற்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தவர். அந்த வரியைக் கேட்டு, தமிழ் வரியைப் பார்த்தார். மறுபடி கேட்டார். பெண் மறுபடி வாசித்தார்.

“தண்ணிய எங்கவே?”

“இல்ல அண்ணாச்சி.”

“தமிழ்ல தண்ணிக்குள்ளன்னு இருக்கு. இதுல எங்க போச்சு?”

“எடம் பத்தலன்னு கேட்டாங்க. நான்தான் எடுத்திரச் சொன்னேன். பின்னால ஆள் நின்னாங்க. வெக்கப்பட்டுக்கிட்டுத் தலையாட்டிட்டேன். நம்பரும் தமிழுக்கு மட்டும் போட்டா போதும்னதும் நான்தான். மாசி பாத்துத்தான் செஞ்சாங்க. நம்ம எழுதினதத்தான் செஞ்சாங்க.”

தோசைக்கல் பக்கம் சத்தம் அடங்கியிருந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப ஒன்னயில்லா அனுப்பணும்,” என்றார் முதலாளி.

“ஆமா அண்ணாச்சி.”

அவர் வேறு பதிலை எதிர்பார்த்தாரோ என்னவோ. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் புதுத் தாளை மடிப்புப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். அவர் தமிழை ஒரு வரி வாசித்தார், அந்தப் பெண்ணை நீலத்தில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். பிறகு அடுத்தது. ஆறு பெட்டியும், உச்சியும், அடியும். ஒவ்வொன்றின் முடிவிலும் தலையை ஆட்டினார். முடிந்ததும், “தமிழ் எதுக்குவே கீழ? நம்ம கடதானே?” என்றார்.

“தொட்டிகிட்ட நிக்கது அவங்கதானே அண்ணாச்சி.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பழைய போஸ்டரின் மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தார். டேப் சுவர்ச் சுண்ணாம்போடு வந்தது.

“காக்கு, அப்ப எனக்கு வேல உண்டா, இல்ல உப்பக் கரைக்கத்தான் கூப்பிட்டீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டார். கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை.

“அவ கை ஆறுறவரைக்கும் இரு. அப்புறம் பாப்போம்,” என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, “போனப் போட்டு அவகிட்ட நீயே சொல்லு. நடந்தத எல்லாம் சொல்லணும்,” என்றார்.

சொன்னேன். மாசி மறுமுனையில் முழுவதையும் கேட்டார். ரயில் ஒன்று அவர் பக்கம் கடந்துபோகும் சத்தம் கேட்டது.

“நீங்களா எடுக்கச் சொன்னீங்க?”

“ஆமா மாசி.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. திங்கக்கிழமையே.”

“ஆமா.”

“டிபன் டப்பாவ யாரும் எடுக்காமப் பாத்துக்குங்க,” என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். புதிய பெண் காலை நேரத்துக்கு மட்டும் என்று தங்கிவிட்டார். முழங்கைக்குக் கீழே மாசிக்குத் தோல் வேறு நிறத்தில், இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. புதுப் போஸ்டரைத் தண்ணீர் புகாத தாளில் பெரிதாக அடித்து ஒட்டியிருந்தோம். திங்கட்கிழமை அவர் அதன் முன்னால் நின்று விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை போனார். நான் தோசைக்கல்லிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அடிக்கு வந்ததும் திரும்பினார்.

“மாட்டின எடம் தப்பு. தொட்டிக்கு நேர் மேல இருந்தா புகை வந்ததும் ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கச் சுவத்துல, கண்ணு மட்டத்துல வேணும்.”

அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலைக் கொண்டுபோய்க் கழற்றி, அவர் கை காட்டிய உயரத்தில் மாட்டினேன். கொஞ்சம் கீழே என்றார். இறக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

பிறகு முழங்கை வரை வரும் புதுக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்தார்.